தங்க நூலும் ஜர்தோசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரி வொர்க் பழகிவிட்டு, அடுத்து ஊசியால் தங்க நூல் பதிக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இந்தக் கேள்விகளைத்தான் மாற்றி மாற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் தேவாலய அங்கிகளிலும் அரச உடைகளிலும் வளர்ந்த முறை இது. இங்கே ஜர்தோசி தைப்பவர்களின் கையில் இருப்பதும் அதே கம்பிதான். எல்லாப் பதிலுக்கும் ஒரே மாதிரி வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன்: பட்டுத் துணியில் 6 செ.மீ. உயர மாங்காய் ஒன்று. ஓரம் முழுக்கத் தங்க நூல் வரிசை, நடுவில் சிறிய மேடு, மேட்டின் மேல் ஜர்தோசி.

ஜரி நூலை நேரா ஊசியில கோர்த்துத் தைச்சா என்ன? எதுக்கு மேல வச்சு இன்னொரு நூலால பிடிக்கணும்?

தங்க நூல் என்பது நூல் மேல் சுற்றிய உலோகப் பட்டை. நடுவில் பருத்தியோ பட்டோ பாலியஸ்டரோ இருக்கும், அதன் மேல் மெல்லிய தகடோ கம்பியோ சுருளாகச் சுற்றியிருக்கும். அதைத் துணிக்குள் நுழைத்து இழுத்தால் நெசவு அந்தச் சுற்றை உரசிப் பின்னுக்குத் தள்ளிவிடும். நாலைந்து தையலில் மேலே மொட்டை நூலும் ஓரிடத்தில் கசங்கிய தகடுமாக நிற்கும். ஆரி ஊசியில் நாம் போடும் சங்கிலித் தையலுக்கு வரும் ஜரி வேறு. அது அப்படி இழுபடுவதற்கென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டது.

அதனால் இங்கே தங்க நூல் துணியின் மேலே படுத்திருக்கும். மெல்லிய தையல் நூல் ஒன்று அதன் குறுக்கே ஏறி இறங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். கவுச்சிங் என்பது இதுதான். அந்தக் குறுக்குத் தையலை இந்தப் பக்கம் முழுக்கப் பிடி தையல் என்று சொல்கிறேன். ஜர்தோசி வேறு சங்கதி. நடுவில் நூலே இல்லாத, உள்ளே ஓட்டையான கம்பிச் சுருள் அது. துண்டு துண்டாக வெட்டி, பாசிமணி போல ஊசியில் கோர்த்துத் தைக்க வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் இதற்குப் பர்ல் என்று பெயர். நம் கடைகளில் வழவழப்பானதை டப்கா என்றும், பட்டை தீட்டியதுபோல் மின்னுவதை நக்ஷி என்றும் கேட்டு வாங்கலாம்.

ஆரம்பிக்க என்னென்ன வேணும்?

இறுக்கமான ஃபிரேம், பட்டுக்கு அடியில் வைக்கக் காடா துணி, 10 அல்லது 12ஆம் எண் ஊசி, பெரிய காதுள்ள தடித்த ஊசி ஒன்று, தங்க மஞ்சள் நிறத்தில் மெல்லிய பாலியஸ்டர் நூல், தேன்மெழுகு, முனை கூர்மையான சின்ன ட்வீசர், மஞ்சள் ஃபெல்ட் துணி, வெட்டுவதற்குக் கைக்குட்டை அளவு வெல்வெட். கம்பி வெட்ட ஒரு கத்தரியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அதன்பிறகு அது துணிக்கு உதவாது.

மெழுகை விட்டுவிடாதீர்கள். உலோக விளிம்பு தையல் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். நூலை இரண்டு முறை மெழுகில் இழுத்து, பிறகு விரலிடுக்கில் ஓட்டி உதிரியை நீக்கிக்கொள்ளுங்கள். நூல் முழங்கை நீளத்தைத் தாண்ட வேண்டாம்.

ரோல்ல இருந்து எடுக்கும்போதே நூல் முறுக்கிக்குது. சில இடத்துல முடிச்சு மாதிரி சுருள் விழுது. நூல் மட்டமா?

பெரும்பாலும் நூல் மேல் தப்பில்லை, பிரித்த விதம்தான் காரணம். ரோலை மேசையில் நிற்க வைத்து, அதன் தலைப்பக்கமாக நூலை உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கூடிக்கொண்டே போகும். சாதாரண நூல் அதைத் தாங்கிக்கொள்ளும். தங்க நூலில் அந்த முறுக்கு இரண்டில் ஒன்றைச் செய்கிறது: சுருளை இறுக்கினால் நூல் தன்னைத்தானே மடக்கிக் கண்ணி போட்டுக்கொள்ளும், சுருளை அவிழ்த்தால் தகடு விலகி உள்நூல் வெளியே தெரியும்.

ரோலைப் படுக்க வைத்து, உருளவிட்டு எடுங்கள். கிணற்றில் கயிறு இறங்கும்போது உருளை சுற்றுமே, அதுபோல. ஜப்பானில் கோமா என்ற மரக்கட்டைகளில் நூலைச் சுற்றிவைத்து, துணியின் மேல் அதை உருட்டிக்கொண்டே போவார்கள். கையில் பிடிப்பதே குறைவு. நான் ஃபெல்ட் துணியைச் சுருட்டி விரல் தடிமனில் ஒரு குழல் செய்து, சேர்த்துத் தைக்கப்போகும் இரண்டு தங்க நூலையும் அதில் பக்கம் பக்கமாகச் சுற்றிக்கொள்கிறேன்.

கண்ணி விழுந்துவிட்டால் இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அந்த இடத்தில் தகடு உடைந்து, நிரந்தரமாக ஒரு புள்ளி தெரியும். நூலின் தொங்கும் முனையை விட்டுவிட்டு, தானாகச் சுழன்று அடங்கட்டும் என்று சும்மா இருங்கள். தகடு ஏற்கெனவே மடிந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் போடுவது தவிர வழியில்லை. ஒரு சாண் நூலைக் காப்பாற்ற நினைத்தால் மாங்காயே பாழாகும்.

பிடி தையல் எவ்வளவு நெருக்கமா போடணும்?

நேர்க்கோட்டில் 3 முதல் 4 மி.மீ.க்கு ஒன்று. வளைவில் 2 மி.மீ. வரை நெருக்கலாம். இரண்டு தங்க நூலைச் சேர்த்து வைத்து, இரண்டின் குறுக்கேயும் ஒரே தையல், நூலுக்குச் சரியாகச் செங்குத்தாக. சாய்ந்த தையல் நூலை ஒரு பக்கம் இழுத்துத் திருகும்.

அடுத்த வரிசையின் தையல் முந்தைய வரிசையின் இரண்டு தையலுக்கு நடுவில் விழ வேண்டும், செங்கல் சுவர்போல. அழகுக்காக மட்டும் இல்லை. ஒரே நேரில் விழுந்தால் எல்லா வரிசையும் ஒரே இடத்தில் இடுங்கி, குறுக்கே ஒரு பள்ளம் ஓடும். இறுக்கத்தைப் பொறுத்தவரை, தையல் நூல் தங்க நூலைத் தொட்டுப் படிந்ததும் நிறுத்துங்கள். தங்க நூல் இடுப்பு ஒடுங்கியதுபோல் தெரிந்தால் அதிகமாக இழுத்துவிட்டீர்கள்.

வரிசைக்கு நடுவுல கறுப்புக் கோடு தெரியுது. புது நூல்தான். அதுக்குள்ள கறுத்துப்போச்சா?

அடிக்கடி வரும் கேள்வி இது, கறுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. துணியை விளக்கின் கீழ் வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கோடு நகர்ந்தாலோ மறைந்தாலோ அது நிழல், வரிசைகளுக்கு நடுவே சந்து விழுந்திருக்கிறது. எப்படிச் சாய்த்தாலும் நூலின் முதுகிலேயே நிறம் மங்கி நின்றால்தான் உண்மையான கறுப்பு.

தங்க நூல் பளபளப்பாக இருப்பதால்தான் சந்து இத்தனை கறுப்பாகத் தெரிகிறது. இரு பக்கமும் ஒளி தெறிக்கும்போது நடுவில் அரை மில்லிமீட்டர் பட்டு கூடக் கண்ணுக்குக் கரிக்கோடு போலப் படும். பச்சை, நீலம், அரக்குப் பட்டு என்றால் இன்னும் மோசம்.

சந்து விழுவது ஊசி இறங்கும் இடத்தால். புது வரிசை போடும்போது ஊசி வெறும் துணி இருக்கும் பக்கத்தில் மேலே வர வேண்டும். இரண்டு நூலையும் தாண்டி, தைத்து முடித்த வரிசையை ஒட்டி, ஊசியைக் கொஞ்சம் சாய்த்து அந்த வரிசையின் அடியில் நுழைவதுபோல் இறக்குங்கள். அப்போது ஒவ்வொரு தையலும் புது வரிசையைப் பழைய வரிசையோடு சேர்த்து நெருக்கும். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு தையலும் தள்ளிவிடும். சந்து விழுந்த வரிசையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மேலே கூடுதல் தையல் போட்டுச் சேர்க்கப் பார்த்தால் பக்கத்து வரிசை மேலே ஏறிக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. சந்தே இல்லை, ஆனால் நூலின் மேலேயே பொட்டுப் பொட்டாக மங்கல் தெரிகிறது என்றால், சுற்று விலகி உள்நூல் எட்டிப் பார்க்கிறது. காஞ்சிபுரம் பட்டில் அசல் ஜரிகையை உரசினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும் என்பார்களே, அதே கதை. வாங்கும்போதே ஒரு முனையைப் பிரித்து உள்நூலின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளோ ஆரஞ்சோ என்றால் சிறு விலகல் தெரியாது. வெள்ளை என்றால் ஒவ்வொரு தவறும் தெரியும்.

மாங்காயோட நுனியில திரும்பும்போது ரெண்டு நூலும் பிரிஞ்சு நடுவுல ஓட்டை விழுது.

நுனியில் இரண்டு நூலையும் ஒரே தையலில் பிடிக்கப் பார்ப்பதால்தான். வெளி நூல் நீண்ட சுற்று போக வேண்டும், உள் நூல் குறுகிய சுற்று. இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் உள் நூல் புடைத்துக்கொள்ளும்.

நுனிவரை சேர்த்தே தைத்து வாருங்கள். நுனியில் வெளி நூலை மட்டும் தனித் தையலால் பிடியுங்கள். அந்தத் தையல் மூலையைச் சரிபாதியாகப் பிளக்கும் திசையில் இருக்கட்டும். ட்வீசரால் நூலை அந்த இடத்தில் மெல்லக் கிள்ளி மடியுங்கள். நகத்தால் வேண்டாம், நகம் தகட்டை நசுக்கும். பிறகு உள் நூலுக்குத் தனியாக அதேபோல் ஒரு தையல். அடுத்த தையலில் இருந்து மறுபடி இரண்டும் சேர்ந்து போகலாம். நுனி ரொம்பக் கூர்மையாக இருந்தால் உள் நூலை அங்கேயே முடித்துக் கீழே இறக்கிவிட்டு, வெளி நூலை மட்டும் திருப்புங்கள். திரும்பியதும் புது உள் நூல் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிப் போகச் சொல்வதும் இதற்காகத்தான். வெளிக்கோடு சுத்தமாக அமைந்துவிடும், கணக்கு உதைத்தால் நடுவில் உதைக்கும். அங்கேதான் மேட்டின் மேல் ஜர்தோசி வந்து மூடப்போகிறதே.

முனையைக் கீழே இழுக்கும்போது தகடு உரிஞ்சு மேலேயே தங்கிடுது.

ஆரம்பத்திலும் முடிவிலும் 3 செ.மீ. வாலை மேலேயே விட்டுவைத்து, அந்த வேலை முடிந்த பிறகு இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு நூல் மட்டும், இரண்டுக்கும் சற்றே தள்ளித் தள்ளித் துளை. ஒரே துளையில் இரண்டையும் திணித்தால் துளை வாய் பிளந்து தெரியும்.

பெரிய காது ஊசியில் தடித்த நூலை இரண்டாக மடித்துக் கோர்த்து ஒரு கண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைத் துணியில் இறக்கி, கண்ணி மேலே கொஞ்சம் நீட்டியிருக்கும்போது தங்க நூலின் வாலை அதற்குள் விட்டு, கீழிருந்து ஒரே வீச்சில் சட்டென்று இழுக்க வேண்டும். பயந்து பயந்து மெதுவாக இழுப்பவர்களுக்குத்தான் தகடு உரிகிறது. கீழே வந்த வாலை, மேலே நூல் இருக்கும் இடத்துக்கு அடியிலேயே மடித்து, 1 செ.மீ. அளவுக்குக் காடாவோடு சேர்த்துத் தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். வெறும் பட்டுக்கு அடியில் மடித்தால் மேலே தடம் தெரியும்.

ஜர்தோசி வெட்டும்போது தெறிச்சு ஓடுது. வெட்டினதுலயும் பாதி நுனி கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு.

தெறிப்பதற்கு வெல்வெட் போதும். அதன் மேல் வைத்து வெட்டினால் துண்டுகள் அப்படியே மயிரில் சிக்கி நிற்கும், அங்கிருந்தே ஊசி முனையால் எடுத்துக்கொள்ளலாம். கொக்கிக்குக் காரணம் கத்தரி. முனை மழுங்கியிருந்தால் அது சுருளை நசுக்கிய பிறகுதான் வெட்டுகிறது. சுருளுக்குக் குறுக்கே நேராக, கத்தரியின் கூர் முனையால் வெட்டுங்கள். கொக்கி இருக்கும் துண்டு நூலைப் பிடித்து இழுத்து, அதுவே பிரிய ஆரம்பிக்கும். அந்த நுனியை இன்னொரு முறை வெட்டிச் சீராக்குங்கள், இல்லையென்றால் ஒதுக்கிவையுங்கள். ஒதுக்கியவை நக்ஷியாக இருந்தால் 2 மி.மீ. துணுக்குகளாக வெட்டி, திசை மாற்றி மாற்றித் தூவித் தைத்து ஒரு இடத்தை நிரப்பலாம். அதில் அளவுக் கவலையே கிடையாது.

தைச்ச ஜர்தோசி நடுவுல விரிஞ்சு நூல் தெரியுது. நெருக்கிவிட முடியுமா?

முடியாது. ஒருமுறை இழுபட்ட சுருள் பழைய நிலைக்குத் திரும்பாது. துண்டை வெட்டி எடுத்துவிட்டு வேறு வையுங்கள். ஏன் விரிந்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்ததும் விரியும். விரலால் நடுவில் பிடித்தது ஒரு காரணம். ஊசி முனை சுருளுக்கு இடையில் குத்திக்கொண்டது இன்னொன்று. மூன்றாவது அளவு, அதுதான் பெரும்பான்மை.

சமதளத்தில் சுருளின் நீளமும் இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். தூரம் அதிகமானால் ஓரத்தில் நூல் மொட்டையாகத் தெரியும். தூரம் குறைந்தால் சுருள் வில்லாக வளைந்து, முதுகில் பிளக்கும். மேட்டின் மேல் போகும்போது கணக்கு மாறுகிறது. நம் மாங்காயின் நடு மேடு, துண்டு படுக்கும் திசையில், 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. உயரம் என்று வையுங்கள். துணியில் அளந்தால் 5 மி.மீ.தான், ஆனால் ஏறி இறங்கும் தூரம் ஏறக்குறைய 7 மி.மீ. முதலில் 7 மி.மீ.க்கு ஒரு துண்டு வெட்டித் தைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் துணியைத் தொட்டு, முதுகில் பிளவில்லாமல் படிந்தால் அதே அளவில் ஐந்தாறு மட்டும் வெட்டுங்கள். மாங்காய் குறுகக் குறுக அளவும் குறையும், மொத்தமாக வெட்டிவைத்தால் வீண்.

துண்டை ஊசி முனையால் எடுத்து, நூல் வழியே தானாக வழுக்கி இறங்க விடுங்கள். ஊசியைக் கீழே இறக்கி நூலை இழுக்கும்போது, இன்னொரு ஊசியைச் சுருளின் அடியில் கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டே இருங்கள். நூல் முழுதும் போனதும் அந்த ஊசியை உருவிவிடலாம்.

மேட்டோட ஓரத்துல வெள்ளையா, இல்லன்னா துணி நிறமா தெரியுது.

ஃபெல்ட் மஞ்சளாக இருக்கட்டும் என்று சொன்னது இதற்குத்தான். மேட்டுக்கு இரண்டு அடுக்கு என்றால் சின்னதை முதலில் தைத்து, பெரியதை அதன் மேல் போடுங்கள். தலைகீழாகப் போட்டால் படிக்கட்டு மாதிரி விளிம்பு தெரியும். ஜர்தோசிக்கான ஊசி ஃபெல்ட்டின் விளிம்பை ஒட்டி, துணியில்தான் ஏறி இறங்க வேண்டும். ஃபெல்ட்டைக் குத்தினால் அதன் ஓரம் வெளியே நிற்கும்.

முதல் துண்டை மேட்டின் நடுவில், 45 பாகைச் சாய்வில் வைத்து, அங்கிருந்து இரு பக்கமும் போங்கள். ஒரு முனையில் தொடங்கிப் போனால் போகப்போகச் சாய்வு மாறி, இடையில் ஆப்பு வடிவச் சந்துகள் விழும். அதைச் சரிசெய்ய நினைத்து இரண்டுக்கு நடுவில் மூன்றாவதைத் திணிப்பார்கள், பக்கத்தில் இருக்கும் இரண்டும் பிளக்கும்.

பேர்ல் பர்ல் ஊசியில கோர்க்க முடியலையே?

அதைக் கோர்க்கவே வேண்டாம். அது தடித்த கம்பியின் விறைப்பான சுருள், பார்க்க முத்துச்சரம் போலிருக்கும். ஓரக்கோட்டுக்கு ஆகும். தைப்பதற்கு முன் இரு முனையையும் பிடித்துச் சற்றே நீட்டுங்கள். 10 செ.மீ. இருந்தால் 11 ஆகட்டும், அதற்கு மேல் வேண்டாம். அப்போதுதான் பிடி தையல் சுருளுக்குள் இறங்கி மறையும், இறங்கும்போது டிக் என்று விரலில் உணர்வீர்கள். நீட்டாமல் தைத்தால் நூல் மேலேயே நின்று பளிச்சென்று தெரியும். அளவுக்கு மீறி நீட்டினால் முத்து போய் வெறும் ஸ்பிரிங்தான் மிஞ்சும். இங்கே மட்டும் நீட்டுகிறோம். மற்ற எந்தச் சுருளையும் நீட்டக் கூடாது.

எதை முதல்ல, எதைக் கடைசியில தைக்கணும்?

மாங்காய்க்கு இப்படி: ஃபெல்ட் மேடு, பிறகு ஓரத்தில் இருந்து உள்நோக்கித் தங்க நூல் வரிசைகள், வால்களை இறக்குவது, பேர்ல் பர்ல் ஓரக்கோடு இருந்தால் அது, கடைசியில் ஜர்தோசி. எளிதில் கெடுவது எதுவோ அது கடைசி. ஜர்தோசியை முதலில் தைத்துவிட்டு வால் இறக்கிக்கொண்டிருந்தால், முழங்கை ஒருமுறை பட்டால் போதும்.

ஃபிரேம்ல அழகா இருந்துச்சு. கழற்றினதும் தங்க நூல் அலை அலையா எழும்பிடுச்சு.

தைக்கும்போது துணி தளர்ந்திருக்கவில்லை, ஆனால் தங்க நூல் தளர்வாக இருந்தது. ஃபிரேமில் இழுத்துக் கட்டிய துணி கழற்றியதும் ஒரு நூலிழை சுருங்கும், உலோகம் சுருங்காது. மிச்ச நீளம் மேலே எழும்புகிறது. தங்க நூலைப் படுக்க வைக்கும்போது அது துணியோடு நேராக நிற்கும் அளவுக்கு மெல்லிய இழுப்பு இருக்கட்டும். அடியில் காடாவும் அவசியம். சுருங்குவதைப் பாதியாவது தடுப்பது அதுதான். எழும்பிவிட்டதை இஸ்திரிப் பெட்டியால் அமுக்காதீர்கள், தகடு தட்டையாகி மினுமினுப்பு போய்விடும். திரும்ப ஃபிரேமில் கட்டி, எழும்பிய இடங்களில் இரண்டு பிடி தையலுக்கு நடுவே ஒன்று சேர்த்தால் ஓரளவு அடங்கும்.

நிஜமாவே கறுத்தா என்ன பண்றது? புளி போட்டுத் துடைக்கலாமா?

குத்துவிளக்கு இல்லையே இது. புளி, எலுமிச்சை, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். மேலே இருக்கும் தங்க முலாம் மிக மெல்லியது. அமிலம் அதைத் தின்றுவிட்டு உள்நூலையும் நனைத்து, அங்கேயே தங்கிக் கறுப்பைத் தொடரும். வெள்ளியின் மேல் முலாம் பூசிய நூல் பழுப்பாகிக் கறுக்கும், செம்பின் மேல் பூசியது சில சமயம் பச்சை கட்டும். பாலியஸ்டர் தகடு கறுக்காது, தேயும்.

தடுப்பதுதான் வழி. வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம், அது ரப்பர் பேண்டிலும் கம்பளியிலும் இருக்கிறது. நான் ஒருமுறை தங்க நூல் கட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி மழைக்காலம் முழுக்க அலமாரியில் விட்டுவிட்டேன். ரப்பர் தொட்ட இடத்தில் மட்டும் எல்லாக் கட்டையிலும் ஒரே உயரத்தில் வளையம்போலக் கறுப்பு. செய்தித்தாளில் சுற்றாமல், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். கையில் வியர்வை அதிகம் என்றால் அரை மணிக்கு ஒருமுறை கழுவித் துடையுங்கள். தேங்காயெண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு அப்படியே நூலைத் தொடுபவர்களை நான் திட்டாத நாள் இல்லை.

பாட்டியோட பழைய பட்டுப்புடவை ஜரிகையைப் பிரிச்சு இதுக்குப் பயன்படுத்தலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வராது. தறியில் நெய்த ஜரிகை பாவுக்கு மேலும் கீழுமாகப் போய் வளைந்து வளைந்து பழகிவிட்டது. உருவி எடுத்தாலும் அந்த நெளிவு இருக்கும், பக்கம் பக்கமாக வைத்தால் ஒவ்வொரு நெளிவிலும் முன்னே சொன்ன நிழல் சந்து விழும். வளைந்த இடங்களில் சுற்றும் விலகியிருக்கும். உருவும்போதே உள்பட்டு அறுந்துவிடுவதும் உண்டு.

புடவை கிழிந்துபோய்விட்டது, ஜரிகையை எப்படியும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றால் நூலாகப் பிரிக்காதீர்கள். பார்டரில் நல்ல பகுதியாகப் பார்த்து மாங்காயின் நடு அளவுக்கு வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து ஃபெல்ட்டின் மேல் போர்த்தித் தையுங்கள். சுற்றிலும் பேர்ல் பர்ல் ஒரு வரி ஓட்டினால் மடித்த விளிம்பு மறைந்துவிடும். நடுவுக்கு ஜர்தோசி வெட்டும் வேலையும் மிச்சம்.